தூறலுக்குப் பிறகு எடுத்த டேக்

இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கைக்காசு போட்டுக் குறும்படம் எடுத்தோம். நான் உதவி இயக்குநர். ஆட்டோ ஒன்று இறக்கத்தில் வேகமாக வரும் காட்சி. ஓட்டியவர் அந்தத் தோட்டத்திலேயே குடியிருப்பவர். போனில் சிக்னல் இல்லாததால் வளைவுகளில் கொடியோடு ஆள் நிறுத்தினோம். மேல் வளைவில் அவருடைய மனைவி, கீழ் வளைவில் நான். சிவப்புக் கொடியைக் கண்டால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். மழை தூறினால், மெதுவாக மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகுதான் டேக் என்று இயக்குநர் சொல்லியிருந்தார்.

காலையில் காய்ந்த ரோட்டில் நடை வேகத்திலும், பிறகு கொஞ்சம் வேகமாகவும் ஒத்திகை பார்த்தோம். மதியம் தூறியது. நான் கீழே ஒத்திகைக்காகக் காத்திருந்தேன். வெளிச்சம் போகிறதென்று இயக்குநர் மேலே நேராக டேக்குக்கே சொல்லிவிட்டார்.

ஆட்டோ வரும்போது, குறுக்குப் பாதையிலிருந்து கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் ரோட்டில் இறங்கினார்கள். மனைவி கொடியைத் தூக்கினார். ஓட்டியவர் உடனே பிரேக் பிடித்தார். ஈர ரோட்டில் ஆட்டோ வழுக்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கவிழ்ந்தது. பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்குத் தோள் எலும்பும் இடுப்பும் உடைந்தன.

கேகாலை ஆஸ்பத்திரியில் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "நான் தூக்காம இருந்திருந்தா அவரு விழுந்திருக்க மாட்டாரு, இல்லீங்களா?"

"நீங்க தூக்கலன்னா அந்தப் பொம்பளைங்க மேல ஏறியிருக்கும்" என்றேன்.

"அது தெரியுங்க" என்றார். இயக்குநர் பக்கம் திரும்பி, "மழ பேஞ்சா மறுபடி ஓட்டிப் பாக்கணும்னு சொன்னீங்களே சேர்" என்றார்.

படம் அத்தோடு நின்றது. ஆட்டோ ஓட்டியவர் இன்னும் கம்பூன்றித்தான் நடக்கிறார்.