எதிர்த்தரப்புக்கு ஒரு வாய்தா பாக்கி

நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடையில் தீர்ப்புகள் சீக்கிரம் வந்துவிடும். உள்ளே இழுத்தடிக்கும் வழக்கு வெளியே ஒரு கிளாஸ் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். போன மாதம் அங்கே வழங்கப்பட்ட தீர்ப்பு இது: அடிக்குறிப்பு அக்கா வேலையை விட்டுப் போகிறார், போகிற போக்கில் தன் கட்சிக்காரரின் கழுத்தை அறுத்துவிட்டுப் போகிறார். வழக்குக் கட்டு அடுத்த வக்கீலுக்குக் கைமாறும்போது எழுதித் தரும் குறிப்பில், எதிர்த்தரப்புக்குச் சாதகமாக ஒரு பத்தி வைத்திருக்கிறாராம்.

“எவ்வளவு வாங்கினாங்களோ!” என்றார் கடைக்காரர்.

“நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“நான் எதுக்குப் பாக்கணும்? எல்லாரும் சொல்றாங்க.”

சாட்சியம் பலமாக இருந்தது. என்றாலும் எனக்கு அன்று வேறு வேலை இல்லாததால், போய் விசாரித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

முதலில் அக்காவைப் பற்றி. ஒரு பெரிய வக்கீலின் அலுவலகத்தில் வருஷக்கணக்காக ஜூனியராக இருந்தவர். பெரியவர் வாதாடுவார், என்ன வாதாட வேண்டும் என்பதை அக்கா எழுதித் தருவார். பெரியவருக்குக் குளிர்சாதன அறை. அக்காவுக்குப் பழைய கட்டுகள் அடுக்கிய அலமாரிக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே ஒரு மேசை. நியாயமான பங்கீடு.

எதைச் சொன்னாலும் அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்வார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். வீட்டில் சமையலறைச் சுவரில் அவர் ஒட்டிவைக்கும் சீட்டுகள் இப்படி இருக்கும்: “கேஸை மூடிவிட்டேன் (நானே மூடினேன்). பால்காரர் வரவில்லை (கீழ்வீட்டார் சொன்னது). மழை வரும் (என் அபிப்பிராயம்).” அவர் கணவர் கணக்கு எழுதுகிறவர், பொறுமைசாலி. மகள் அப்படியில்லை. “அம்மா, பசிக்குதான்னு கேட்டா ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தைல சொல்லேன்!” என்று கத்துவாள்.

இப்போது ஒரு கம்பெனியில் சட்ட அதிகாரி வேலை கிடைத்திருக்கிறது. மாதச் சம்பளம், ஜன்னல் ஓரத்து மேசை. அவர் பார்த்துவந்த கட்டுகளையெல்லாம் எடுத்துக்கொள்ளப் போகிறவர் பெரியவரின் மாப்பிள்ளை. அவருடைய தகுதி என்ன என்று கேட்பவர்கள், முந்தைய வாக்கியத்தை மறுபடி படிக்கவும்.

கைமாறிய கட்டுகளில் ஒன்று அச்சகக்காரர் வழக்கு. அப்பா விட்டுப்போன அச்சகக் கட்டடத்தைப் பிரித்துத் தரச் சொல்லி அண்ணன் வழக்குப் போட்டிருக்கிறார். கட்டடம் தனக்கே எழுதிக்கொடுக்கப்பட்டது என்கிறார் தம்பி. தம்பிதான் அக்காவின் கட்சிக்காரர். அண்ணன் கூண்டேறிச் சாட்சி சொல்லிவிட்டார். அவரை அக்கா செய்த குறுக்கு விசாரணை பாதியில் நிற்கிறது.

நான் அச்சகத்துக்கே போனேன். குறிப்பு வக்கீலுக்கும் வக்கீலுக்கும் நடுவே உள்ள ரகசியம்தானே என்று கேட்கலாம். ரகசியம் கட்சிக்காரருடையது. அதை ஊருக்குச் சொல்லும் உரிமையும் அவருடையதே. அச்சகக்காரர் அந்த உரிமையைத் தாராளமாகப் பயன்படுத்துகிறவர். கையில் மையோடு, இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னார்.

நடந்தது இது. குறுக்கு விசாரணை நடந்துகொண்டிருந்த அன்று இடைவேளையில் அக்காவுக்குப் பள்ளியிலிருந்து போன். மகள் விழுந்து கை முறிந்துவிட்டது. அக்கா உடனே போக வேண்டும். ஆனால் தம்பி தரப்பு ஏற்கெனவே பல வாய்தா வாங்கித் தீர்த்திருந்தது. அதில் பாதி, அச்சகக்காரர் நாள் மறந்து கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்ததால் வாங்கியது. “இனி இந்தத் தரப்புக்கு வாய்தா இல்லை, விசாரிக்காவிட்டால் குறுக்கு விசாரணை முடிந்ததாகக் கொள்ளப்படும்” என்று நீதிபதி எழுதியே வைத்துவிட்டார். எழுதியதை மாற்றாதவர் என்று பெயர் எடுத்தவர் அவர். பெரியவரோ வேறு ஊரில்.

தாழ்வாரத்தில் விஷயத்தைக் கேட்ட எதிர் வக்கீல் ஒரு நொடி யோசித்தார். அவரை எல்லாரும் வாய்தா மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை.

“நீ கிளம்பும்மா. நான் கேட்டுக்கறேன். நான் வாய்தா கேட்டா யாருக்கும் சந்தேகம் வராது.”

“சார், உங்க பேர்ல பதிவாகுமே.”

“என் பேர் கெட இன்னும் என்னம்மா மிச்சம் இருக்கு? எனக்கு ஒண்ணு தேவைப்படறப்ப நீ எந்திரிச்சுத் தடுக்காதே, போதும்.”

அக்கா பக்கத்தில் நின்ற அச்சகக்காரரைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அக்கா ஓடினார். மாமா உள்ளே போய் அண்ணன் தரப்பில் வாய்தா கேட்டார். நீதிபதி முறைத்துவிட்டுக் கொடுத்தார். “அண்ணன் தரப்புக்கும் இதுவே கடைசி” என்று எழுதினார்.

ஆக, கட்டைப் புரட்டுகிற எவருக்கும் தெரிவது ஒன்றே: எதிரி தன் கடைசி வாய்தாவைத் தின்று முடித்துவிட்டான். அது யாருக்காகத் தின்றது என்று எந்தத் தாளிலும் இல்லை.

இப்போது அண்ணனுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. மருத்துவமனை கொடுத்த நாள், வழக்கு நாளேதான். மாமா அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். கூண்டில் ஏற அண்ணன் வராமல், தம்பி தரப்பும் எழுந்து ஆட்சேபித்தால், பாதி விசாரித்த சாட்சியத்தை ஒதுக்கச் சொல்லலாம். சாட்சியம் போனால் வழக்கில் மிச்சம் இருப்பது வழக்கு எண் மட்டும்.

இந்த நிலையில்தான் அக்கா குறிப்பு எழுத உட்கார்ந்தார். வழக்கு என்ன, எதுவரை வந்திருக்கிறது, அடுத்த நாள் எது, அசல் பத்திரம் எந்த உறையில், அண்ணனிடம் எதையெல்லாம் கேட்டாகிவிட்டது, எதைக் கேட்க வேண்டும், நம் பக்கத்து ஓட்டை எங்கே என்று எல்லாம் எழுதினார். கடைசியில் ஒரு பத்தி: “முந்தைய வாய்தா எதிர்த்தரப்பின் பேரில் பதிவாகியிருந்தாலும் என் வசதிக்காகக் கேட்கப்பட்டது. பதிலுக்கு ஒரு முறை ஆட்சேபிக்க மாட்டோம் என்று நான் வாய்மொழியாக ஒப்புக்கொண்டேன். கட்சிக்காரர் உடனிருந்து சம்மதித்தார். அந்த ஒன்று பாக்கி இருக்கிறது.”

பெரியவர் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்துக் கடைசிப் பத்தியின் குறுக்கே கோடு போட்டார்.

“இது எதுக்கும்மா? குறிப்புன்னா சுருக்கமா இருக்கணும்.”

“சுருக்கத்துக்காக அடிக்கிறதா இருந்தா முதல் பத்திய அடிங்க சார். அது எல்லாம் கட்டுலயே இருக்கு. இது மட்டும்தான் கட்டுல இல்ல.”

“கட்டுல இல்லாதது மாப்பிள்ளைக்குத் தெரியாது. தெரியாதத அவர் எப்படிக் காப்பாத்த முடியும்? அவர் மேல தப்பே இல்லையே!”

எவ்வளவு சுத்தமான தர்க்கம், பாருங்கள். வாக்குக் கொடுத்தவர் போய்விடுவார்; வந்தவர் வாக்குக் கொடுக்கவில்லை. இடையில் யாரும் எதையும் மீறவில்லை. அண்ணனின் வழக்கு மட்டும் தானாகச் செத்துப்போகும். பெரியவர் சும்மா பெரியவர் ஆகவில்லை.

அக்கா அடுத்த நாள் புதிதாக அச்செடுத்துக் கொண்டுவந்தார். அந்தப் பத்தி இப்போது முதலில் இருந்தது. பெரியவர் மறுபடி கோடு போட்டார். “கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போம்மா. உன் அனுபவச் சான்றிதழ் என் மேசைலதான் இருக்கு” என்று அன்பாக நினைவூட்டினார். கம்பெனிக்காரர்கள் அதைக் கேட்டிருந்தார்கள். அது இல்லாமல் அக்கா வேலையில் சேர முடியாது.

“சார், அந்தப் பத்தி இல்லாம நான் கையெழுத்துப் போட்டா, ‘முழு விவரமும் கொடுத்தேன்’னு நான் சொன்னது பொய்யாயிடும். கட்சிக்காரர் வேணாம்னு சொன்னா அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன். வழக்கு அவரோடது.”

அச்சகக்காரர் அழைக்கப்பட்டார். பெரியவர் அவரை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கினார். எழுந்து ஒரே ஒரு வார்த்தை ஆட்சேபித்தால் போதும், கட்டடம் கைக்கு வந்த மாதிரி. அண்ணன்காரரோ இவர்மேல் காறித்துப்பாத குறையாகப் பேசித் திரிகிறவர்.

அச்சகக்காரர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“அன்னைக்கு அந்த ஆளு வாய்தா கேக்கலைன்னா நம்ம நெலம என்னம்மா?”

“குறுக்கு விசாரணை அதோட முடிஞ்சிருக்கும். அண்ணன் சொன்னது பாதி அப்படியே நின்னிருக்கும்.”

“நான் தலையாட்டினேன்ல?”

“ஆட்டினீங்க.”

“சனியன், அன்னைக்குக் கழுத்து சுளுக்கியிருக்கக் கூடாதா!” என்றவர் பெரியவர் பக்கம் திரும்பினார். “சார், எங்கண்ணனத் தோக்கடிக்கணும். அதுல மாத்தம் இல்ல. ஆனா அவன் கண்ணுல கட்டு போட்டுப் படுத்துக் கெடக்கறப்ப இல்ல. முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கறப்ப. பத்தி இருக்கட்டும்.”

பத்தி இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்டார். சான்றிதழில் பெரியவர் “திருப்திகரம்” என்று எழுதினார். அத்தனை வருஷத்துக்கு ஒரு வார்த்தை. அதிலும் அவர் சுருக்கத்தைக் கைவிடவில்லை.

அந்த உரையாடலில் ‘பத்தி இருக்கட்டும்’ என்ற கடைசிச் சொல்லை மட்டும் கதவுக்கு வெளியிலிருந்து கேட்ட யாரோதான் தேநீர்க் கடைக்குத் தகவல் தந்திருக்க வேண்டும். (இது என் அபிப்பிராயம்.)

வழக்கு நாளன்று நானும் போய் நீதிமன்றத்தில் உட்கார்ந்தேன். மாமா எழுந்து, கட்சிக்காரருக்குக் கண் அறுவை, ஒரு வாய்தா வேண்டும் என்றார். நீதிபதி பழைய உத்தரவைப் படித்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை குறிப்பைப் பார்த்தார். பின் வரிசையில் அச்சகக்காரர் தொண்டையைச் செருமினார். அச்சகத்தில் பழகிய தொண்டை அது.

“ஆட்சேபணை இல்லை, ஐயா. முந்தைய வாய்தா உண்மையில் எங்கள் வசதிக்காகக் கேட்கப்பட்டது.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்த்தரப்புக்காக உண்மை பேசுகிற வக்கீலைத் தெளிவாகப் பார்க்க விரும்பினார் போலும். இரண்டு வாரம் கொடுத்தார். அக்காவின் வாக்கு, அக்கா இல்லாத அறையில், வாக்குக் கொடுக்காத மாப்பிள்ளையின் வாயால் காப்பாற்றப்பட்டது.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக வீடு போயிருப்பேன். அண்ணனுக்குச் சர்க்கரை ஏறியிருந்ததால் அன்று அறுவை நடக்கவில்லை, தள்ளிவைத்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் மாமா மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஆபரேஷனுக்காக வாங்கின வாய்தா. ஆபரேஷன் நடக்கல. அப்ப அது செலவாகல. பாக்கி அப்படியேதான் நிக்குது.”

“அது எப்படி சார்? நாங்க எந்திரிச்சு ‘ஆட்சேபணை இல்ல’ன்னு சொல்லியாச்சே. தீந்துபோச்சு.”

“குறிப்புல என்ன எழுதியிருக்குன்னு உங்க கட்சிக்காரரே ஊருக்குச் சொல்லிட்டாரே. ‘ஒரு முறை’ன்னுதானே? ஒரு முறைன்னா பலன் கெடைக்க வேணாமா?”

இருவரும் சேர்ந்து அக்காவுக்குப் போன் போட்டார்கள். ஜன்னல் ஓரத்து மேசையிலிருந்து அக்கா முழுவதையும் கேட்டார்.

“நான் கொடுத்த வாக்கு, ஆட்சேபிக்க மாட்டோம்னு. அறுவை நடக்கும்னு நான் வாக்குக் கொடுக்கல. அதனால தீந்துபோச்சுன்னு என் அபிப்பிராயம். ஆனா மாமா என்ன நெனச்சுக் கேட்டார்னு எனக்கு நேரடியாத் தெரியாது.”

“பாத்தியா, தெரியாதுன்னுட்டா!” என்றார் மாமா வெற்றிக் களிப்புடன்.

கட்டு இப்போது மாப்பிள்ளையின் மேசையில் இருக்கிறது. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் “தீர்ந்தது” என்று எழுதி, அடித்து, ஒரு கேள்விக்குறி போட்டுவைத்திருக்கிறார்.