கரடி வராத படம்

என் தங்கை மகளுக்கு ஐந்து வயது. பிறந்தநாளுக்குத் தொலைக்காட்சியில் வரும் நீலக் கரடி நேரில் வரும் என்று தங்கை சொல்லியிருந்தாள். கரடி வேடம் போடுபவன் அன்று காலை காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டான். வுப்பர்டால் நகரில் விழாவுக்குப் பிடித்த மண்டபத்தில் பிள்ளை மூன்று மணிநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றது. படம் எடுத்தது நான். அதுதான் என் தொழில்.

"அக்கா, ஒரு படத்திலயாவது கரடியை வைச்சுத் தாவன்."

"பொய்யடி அது."

"பிள்ளை அழுறாள். நீ கலியாண வீட்டில ஆக்களை மெலிய வைக்கேக்கை அது பொய்யில்லையோ?"

கணினியில் உட்கார்ந்து செய்தேன். வேடக்காரனின் விளம்பரப் படத்தில் கரடி வெயிலில் நின்றது, வெளிச்சம் வலப்பக்கம். மண்டபத்தில் ஜன்னல் இடப்பக்கம். கரடியைத் திருப்பிப் போட்டேன். குழல்விளக்கின் பச்சை நிறத்தை அதன்மேல் ஏற்றினேன். மெழுகுதிரியின் மஞ்சளை வயிற்றில் கொஞ்சம் தடவினேன். காலடியில் நிழல் வைத்தேன், இல்லாவிட்டால் மிதக்கும். இருட்டான மண்டபம், அதனால் என் படம் முழுக்கப் பொரிப் பொரியாகப் புள்ளிகள். கரடி மட்டும் வழவழவென்று இருந்தது. அதற்கும் அதே அளவில் புள்ளி போட்டேன், நிழல் பக்கம் கூடுதலாக. ஒரு பலூனை அதன் காதுக்கு முன்னால் வரவைத்தேன். நல்ல வேலை. எனக்கே எரிச்சல் வந்தது.

பிள்ளையின் கண்களை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கரடி பக்கத்தில் நிற்கிறது. அவள் வாசலைப் பார்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளை வெகுநேரம் பார்த்தது.

"கரடி வந்ததே?"

"ஓம், வந்ததுதானே," என்றாள் தங்கை. "நீ அங்கால பாத்துக்கொண்டு நிண்டனீ."

"ஏன் ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை?"

பிள்ளை கத்தி அழவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. தான் திரும்பிப் பார்க்காததுதான் குற்றம் என்று நினைத்துத் தன் தொடையில் குத்திக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அது வரேல்லை, செல்லம். பெரியம்மாதான் ஒட்டினனான்."

"இல்லை. நிக்குது, பாருங்கோ."

மடிக்கணினியைத் திறந்தேன். தங்கை கண்ணால் தடுத்தாள். நான் கேட்கவில்லை. படத்தின்மேல் கரடியைத் தனியாக வைத்திருந்த அடுக்கை அணைத்தேன். கரடி போய்விட்டது. மேசை, கேக், வாசலைப் பார்க்கும் பிள்ளை மட்டும் மிஞ்சின.

"பாத்தியே? பொம்மைப் படம்தான்."

பிள்ளை திரையைப் பார்த்தது, பிறகு என் விரலைப் பார்த்தது.

"ஏன் அதைக் கலைச்சுவிட்டனீங்கள்?"

திரும்பவும் கொண்டுவந்து காட்டினேன், திரும்பவும் அணைத்தேன், விளங்கப்படுத்தினேன். அவளைப் பொறுத்தவரை ஒவ்வொரு தடவையும் நான் கரடியை விரட்டினேன், அவ்வளவுதான். தங்கை தேத்தண்ணி போடுவதுபோல் குசினிக்குள் போய் நின்றாள். பிள்ளை அவளிடம் போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது.

"அம்மா, அடுத்த பிறந்தநாளுக்குப் பெரியம்மாவைக் கூப்பிட வேண்டாம். அப்பதான் கரடி நிக்கும்."

"சரி, செல்லம்," என்றாள் தங்கை.