நான்காம் படத்தின் கண்கள்

1993இல் துரைக்கண்ணு திண்டிவனத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தார். பிரிண்ட் போட்ட படத்தில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை நுனி மெலிந்த பிரஷ்ஷால் மையிட்டு மறைப்பதுதான் வேலை. அந்த ஐப்பசியில் மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் ஒரு நான்கு வயதுப் பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். முதலாளி போய், தாயின் மடியில் அவளைச் சாய்த்து உட்காரவைத்துப் படம் எடுத்துவந்தார்.

மூன்றாம் நாள் தாய் கிளியம்மாள் கடைக்கு வந்தாள். “பொண்ணுக்கு வேற போட்டோவே இல்லண்ணே. கண்ண மூடிக்கினு இருக்குது. தொறந்து வெச்சிக் குடுங்க.”

அந்தக் குழந்தையின் கண்ணைத் துரைக்கண்ணு பார்த்ததில்லை. அவருக்கும் அதே வயதில் ஒரு மகள் இருந்தாள், அம்சா. அன்று மாலை அவளை வெளிச்சத்தில் நிற்கவைத்துப் பார்த்துப் பார்த்து, பிரிண்டில் இரண்டு கண்களையும் வரைந்தார்.

ஒரு வாரம் கழித்து கிளியம்மாள் அந்தப் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள்.

“எங்க போனாலும் பாக்குதுண்ணே. எம் பொண்ணு அப்படிப் பாக்க மாட்டா. நீங்களே வெச்சிக்குங்க.”

அவர் அதை நெகட்டிவோடு உறையில் போட்டு வைத்தார். அதன்பிறகு அம்சாவைப் படமெடுக்க அவர் விட்டதே இல்லை. ஏன் என்று மனைவிக்கும் சொன்னதில்லை. கல்யாணத்தில் மட்டும் எடுத்தார்கள். அவள் கணவனோடு நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஸ்டூடியோ மூடியதும் அதன் பெட்டிகள் எல்லாம் ஊரிலேயே இருந்த ஒரு தனியார் புகைப்படக் காப்பகத்துக்குப் போயின. ஸ்கேன் செய்ய ஆள் தேவைப்பட்டதால் துரைக்கண்ணுவும் அங்கேயே சேர்ந்தார்.

2014இல் விழுப்புரத்துக் கல்லூரி ஆசிரியை அம்பிகா, இறந்தவர்களை வீட்டில் வைத்து எடுத்த படங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அவள் பட்டியலிட்டுக் கேட்டவற்றில் அந்த உறையும் இருந்தது. துரைக்கண்ணு பிரிண்டை ஸ்கேன் செய்து அனுப்பினார். படக்குறிப்புகளைச் சரிபார்ப்பதற்காக அவள் கட்டுரையை இணையத்தில் காப்பகத்தோடு பகிர்ந்திருந்தாள். அவர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆறாம் பக்கத்தில் அம்சா அவரைப் பார்த்தாள். மடி வேறு, முகம் வேறு, கண் மட்டும் அவளுடையது.

பத்து நாள் கழித்துக் காப்பகப் பொறுப்பாளர் அருணா ஒரு மின்னஞ்சலை அவருக்குப் படித்துக்காட்டினாள்.

“வணக்கம். பகிர்ந்த கட்டுரையில் படம் 4 காணவில்லை, குறிப்பு மட்டும் இருக்கிறது. உறை எண் 212. திருத்த வரலாற்றில் 23ஆம் தேதி உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதாகக் காட்டுகிறது. கை தவறியிருக்கலாம். பழைய பதிப்புக்குத் திரும்பினால் அதற்குப்பின் செய்த திருத்தங்கள் போய்விடும். அதிலிருப்பதும் சிறிய பிரதிதான்; அச்சுக்கு 600 டிபிஐ, டிஃப் கோப்பு வேண்டும். நீங்கள் அனுப்பியது என் லேப்டாப் பழுதானபோது போய்விட்டது. மறுபடி அனுப்ப முடியுமா? அம்பிகா.”

“நம்ம டிஸ்க்குல இருக்குமே, அனுப்பிடுங்க சார்,” என்றாள் அருணா.

“இல்லம்மா. அதையும் நான்தான் அழிச்சேன்.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்து அவள், “பதிவேட்டுல எழுதிடுங்க. என்னிக்கி அழிச்சீங்க, ஏன் அழிச்சீங்க, ரெண்டும். அப்புறம் உறையைத் தொறந்து மறுபடி ஸ்கேன் பண்ணுங்க,” என்றாள்.

பட்டப்பகல், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பிரிண்டின் முகத்தைப் பார்க்காமலே அதை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தார். அதை முடித்ததும், யாரும் கேட்காமலே நெகட்டிவையும் எடுத்துத் தட்டில் பொருத்தினார். அவர் பிரஷ் தொடாதது அது ஒன்றுதான். அதிலாவது பெண் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றிருந்தது.

படம் கீற்றுக் கீற்றாகத் திரையில் இறங்கியது. வலது கண் மூடியிருந்தது. இடது கண்ணைப் பெரிதாக்கினார். இமைக்கடியில் நூல் அகலத்துக்கு வெள்ளை, அதன் நடுவே கருவிழி. தூசியோ என்று நெகட்டிவைத் துடைத்து மறுபடி ஸ்கேன் செய்தார். அப்படியேதான் இருந்தது. அன்றைய சின்ன பிரிண்டில் அது வெறும் நிழலாக விழுந்திருக்கிறது; அதன்மேல்தான் அவர் மையை வைத்திருக்கிறார். கருவிழி சாய்ந்திருந்தது கேமராப் பக்கம் அல்ல, தாயின் முகத்துப் பக்கம்.

அருணாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் குனிந்து திரையில் பார்த்தாள். “அப்படியே இருக்கட்டும் சார். ஒண்ணும் தொடாதீங்க.”

இரண்டு கோப்புகளும் விழுப்புரத்துக்குப் போயின. மாலையில் அம்பிகா போன் செய்தாள்.

“சார், இதுல எதைப் போடட்டும்?”

“ரெண்டையும் போடும்மா. வரைஞ்ச படத்துக்குக் கீழ எம்பேரையும் போடு.”

“நெகட்டிவுக்கு என்ன எழுத? கண்கள் மூடியிருக்குன்னுதானே குறிப்பு?”

“வாணாம்மா,” என்றார் துரைக்கண்ணு. “வலது கண் மூடியிருக்குது. இடது கண் அம்மாவைப் பாக்குதுன்னு எழுது.”