அப்பாவுக்கு எதுவும் புரியாது என்று எழுதிய கடிதம்

பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்துச் சேர்த்த பணமெல்லாம் அவர் பேரிலேயே வங்கியில் இருந்தது. ஏடிஎம் கார்டு வேண்டவே வேண்டாம் என்றிருந்தவர். கையெழுத்துப் போட முடியாமல் மருந்துக்குக்கூடப் பணம் எடுக்க வழியில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்ட நான் பஸ்ஸேறி வந்து மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன்.

மனு என்றால் உருக்கமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கொஞ்சம் கண்ணீர் கலக்காவிட்டால் அதிகாரி அசையமாட்டார் என்று நினைப்போம். நானும் கலந்தேன். ‘என் தந்தைக்கு எதுவும் தெரியாது, எதுவும் புரியாது. அவர் கணக்கை நானே நிர்வகிக்க அனுமதிக்கவும்.’

மேனேஜர் இன்னோர் அதிகாரியுடன் வீட்டுக்கே வந்தார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலில் சாய்ந்திருந்த அப்பாவுக்கு எதிரிலேயே கேட்டார்.

“எதுவும் புரியாதுன்னு எழுதியிருக்கீங்களேம்மா. அப்படின்னா இவர் கைநாட்டையே நாங்க ஏத்துக்க முடியாது. உங்களுக்கு அதிகாரம் கொடுக்கவும் இவரால முடியாது. கோர்ட்டுல கார்டியன் உத்தரவு வாங்கிட்டு வரணும்.”

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்?

“இல்ல சார், எல்லாம் புரியும். கைதான் வரல, பேச்சும் செத்த திக்கும். நாந்தான் கூட்டி எழுதிட்டேன்.”

மேனேஜர் நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவிடமே கேட்டார், நிதானமாக. எங்கே வேலை பார்த்தீர்கள், இப்போது எதற்குப் பணம் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும்? அப்பா ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்தார். மில். மருந்து. கடைசிக் கேள்விக்கு மட்டும் வாய் திறக்காமல் இடது கையால் என்னைக் காட்டினார். அந்தக் கடிதத்துக்குப் பிறகும் என்னைத்தான் காட்டினார். அழுதுவிட்டேன்.

பழைய கடிதத்தைத் திருப்பித் தந்தார்கள். கை வராது, புத்தி தெளிவாக இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். பணம் எடுக்கும் சீட்டில் அப்பா இடது பெருவிரலை வைத்தார். கூட வந்த அதிகாரி ஒரு சாட்சி, அடுத்த வீட்டு வாத்தியார் இன்னொரு சாட்சி. பணத்தை வாங்கிக்கொள்பவள் என்று நான் கையெழுத்திட்டேன். காரியம் இவ்வளவுதான். இதற்கா என் அப்பாவை ஒன்றும் தெரியாதவராக்கினேன்!

இப்போது பேச்சு பெருமளவு திரும்பிவிட்டது. வாரக் கடைசியில் போகிறபோது அவருக்குச் சமைத்துப் போடுகிறேன். ஒரு நாள் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

“அப்பா, தோசை ஊத்தவா, இட்லி அவிக்கவா?”

“எனக்கு என்ன தெரியும் ஆத்தா? நீயே பாத்து எழுதிக்கோ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இரண்டையும் செய்தேன்.