பதின்மூன்றடி ஏணி

கணக்கில் முதலாவதாக வருபவரைத்தான் சென்னையில் ஆனர்ஸ் படிக்கக் கல்லூரி சிபாரிசு செய்யும். தேர்வில் எனக்கு ஒரே ஒரு கணக்கில் ஆசிரியர் சுழி போட்டிருந்தார். சுவரில் சாய்ந்த பதின்மூன்றடி ஏணியின் அடிமுனை விநாடிக்கு இருபத்துநான்கு அங்குலம் விலகுகிறது. அது சுவரிலிருந்து ஐந்தடியில் இருக்கும்போது மேல்முனை எவ்வளவு வேகமாக இறங்கும்? உயரம் அப்போது பன்னிரண்டடி. x² + y² = 169 என்பதை வகையிட்டு, இருபத்துநான்கில் பன்னிரண்டில் ஐந்து பங்கு, விநாடிக்குப் பத்து அங்குலம் என்று எழுதியிருந்தேன்.

“அடியையும் அங்குலத்தையும் கலந்துபோட்டியே அம்மணி” என்றார் ஆசிரியர்.

“ஐஞ்சடிக்குப் பன்னெண்டடி வெறும் விகிதம்தானுங்க சார். அதுல அடி கேன்சல் ஆயிருதுங்க.”

எல்லாவற்றையும் அடியாக்கி அவரே பலகையில் போட்டார். ஆறில் ஐந்து அடி வந்தது. அதே பத்து அங்குலம். பையன்கள் சிரித்தார்கள். முகம் சிவந்து பலகையை அழித்தார். சுழியை அழிக்கவில்லை.

எனக்கு அடுத்த இடத்திலிருந்த பையன் முதலாவதானான்; சிபாரிசு அவனுக்குப் போனது.

“கணக்கு தப்பாப் போச்சா கண்ணு?” என்றார், பள்ளிக்கூடமே போயிராத என் அப்பா.

“சரிதானுங்கப்பா.”

“அப்பறம் ஏன் தரல?”