சாமித் தட்டில் இருந்த பெட்டி

இலங்கையில் சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த அந்த வாரம் முழுவதும் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. நான் அப்போது ஒரு சின்ன இன்ரநெற் கம்பனியில் ஃபைபர் திருத்துகிற ஆள். போகிற வீடெல்லாம் தமிழ் வீடு, எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "தம்பி, லைன் எப்ப வரும்?" எனக்கும் ஊரில் ஆட்கள் இருந்தார்கள். எரிச்சலோடுதான் வேலைக்குப் போனேன், எரிச்சலோடுதான் திரும்பினேன்.

அந்தச் சனிக்கிழமை காலை அஜின்கோர்ட்டில் ஒரு உயர்ந்த கட்டடம். லிஃப்ற் ஒன்று பழுது, மற்றது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டு நாளா போன் செத்துப் போய்க் கிடக்கு. என்ரை தங்கச்சி எடுத்தா இந்த நம்பருக்குத்தான் எடுப்பாள். அவளுக்குப் பாடமா தெரிஞ்சது இது ஒண்டுதான்."

தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் வன்னியில் கடைசிவரை அகப்பட்டிருந்தவர்கள். வவுனியா முகாமில் அவளைப் போல ஒருத்தியைக் கண்டதாக யாரோ சொன்ன ஒரு சொல் மட்டும் வந்திருந்தது. உயிரோடு இருக்கிறாளா, பிள்ளைகள் கூட இருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. வீட்டு போன் இன்ரநெற் வழியாக ஓடுவது. அந்த நம்பருக்கு வருகிற அழைப்பைக் கைப்பேசிக்குத் திருப்பிவிடச் சொல்லி ஒஃபிசுக்கு போன் அடித்தேன். அது வேறு பிரிவு, திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றார்கள். போனை வைத்துவிட்டுக் கருவிப் பையைத் திறந்தேன்.

"இன்ரநெற் பெட்டி எங்கை அக்கா?"

"சாமி அறைக்குள்ளை."

சாமி அறை என்றால் உடுப்பு அலுமாரிதான். இங்கே அப்பார்ட்மென்ற் வீடுகளில் பாதிப்பேர் கதவுள்ள அந்த அலுமாரியில்தான் சாமியை வைத்திருக்கிறார்கள். கட்டடம் கட்டியவன் ஃபைபர் வருகிற துளையையும் அதற்குள்ளேயே விட்டிருந்தான். மேல்தட்டில் பிள்ளையார், முருகன், லட்சுமி. அவர்களுக்கு நடுவில் எங்கள் வெள்ளைப் பெட்டி, லைன் இல்லை என்கிற சிவப்பு விளக்கு எரிய, நெற்றியில் சந்தனப் பொட்டோடு. ஐயோ கடவுளே என்று வாய்விட்டே சொன்னேன்.

சுவரில் உள்ள இணைப்பிலிருந்து பெட்டிக்கு ஒரு மஞ்சள் வயர் வரும், நாங்கள் பாச் கோட் என்போம். உள்ளே மயிர் அளவு கண்ணாடி இழை. அதை யாரோ சுருட்டி, பாண் ரொட்டிப் பையைக் கட்டுகிற கம்பியால் இறுக்கிக் கட்டி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் மடக்கிச் செருகியிருந்தார்கள். சிவப்பு ஒளி விடுகிற ரோர்ச்சுப் பேனையை அதன் ஒரு நுனியில் பொருத்தினேன். மடங்கிய இடத்தில் மஞ்சள் தோலுக்கூடாகவே சிவப்பாகக் கசிந்தது. உள்ளே போகவேண்டிய வெளிச்சம் அங்கேதான் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"இதை ஆர் இப்பிடிக் கட்டினது?"

சோபாவில் இருந்த அண்ணை எழும்பினார். அக்காவின் புருஷன். "நான்தான் தம்பி. வயர் தொங்கினா சாமிக்கு முன்னாலை அலங்கோலமா இருக்கெல்லே."

மடிப்பை நிமிர்த்தி வெளிச்சத்தை அளந்தேன். கொஞ்சம் கூடியது, போதவில்லை. சுவர் இணைப்பில் என்னுடைய சோதனை வயரைப் போட்டு அளந்தால் அருமையாக வருகிறது. ஆக, சுவர்வரை சரி, கெட்டது இந்த மஞ்சள் வயர்தான். அதன் நுனியைச் சின்னக் கமெராவில் வைத்துத் திரையில் பார்த்தேன். வட்டத்துக்குள் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள், நடுவில் குறுக்காக ஒரு கீறல்.

"அண்ணை, உந்த வயரைக் கழட்டினனீங்களோ?"

"வியாழக்கிழமை குரல் விட்டுவிட்டுக் கேட்டுது. தூசி எண்டு நினைச்சன். கும்பிட்ட கையோடை கழட்டி, ஊதி, வேட்டித் தலைப்பாலை மெல்லமாத் துடைச்சனான்."

"திருநீறு பூசின கையோடை?"

"பின்னை?"

திரையில் தெரிந்த வெள்ளை அதுதான். ஊதினால் எச்சில் ஈரம், துடைத்தால் திருநீற்றுத் துகள் கண்ணாடியில் கீறு போடும். அதைத் திரும்பச் செருகினால் அந்த அழுக்கு பெட்டியின் வாய்க்குள்ளும் போகும். வியாழன் மடிப்பால் திக்கிய லைன், அவர் துடைத்ததோடு அடியோடு போயிருந்தது.

"பிறகு, வெளிச்சம் வருதோ எண்டு கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சும் பாத்தனான். ஒண்டும் தெரியேல்லை" என்றார் அண்ணை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தெரியாது அண்ணை! அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், ஆனாக் கண்ணைப் பழுதாக்கும். கழட்டவும் கூடாது, துடைக்கவும் கூடாது, பாக்கவே கூடாது. அதை மடக்கிக் கட்டுறதும் இல்லை. லைற் சிவந்தா எங்களுக்கு போன் அடியுங்கோ, வேறை ஒண்டும் செய்யாதேங்கோ!"

"அடிச்சனாங்கள்தானே" என்றாள் அக்கா. "நீங்கள்தான் இண்டைக்கு வாறீங்கள்."

நான் வயரின் நுனியைத் திரும்பவும் கமெராவில் வைத்தேன்.

கீறல் விழுந்ததை எந்தத் துடைப்பானாலும் மீட்க முடியாது, புது வயர்தான் போடவேண்டும். என் வான் வண்டியில் இருந்ததோ நீல மூக்கு வயர். எங்களுக்கு வேண்டியது பச்சை மூக்கு, நுனி சரிவாகத் தீட்டியது.

"நுழையும்போலைதான் கிடக்கு, போட்டுப் பாருங்கோவன்" என்றார் அண்ணை.

"நுழையும். ஆனா நுனியள் பொருந்தாது, சிக்னல் விழும்." அவர் கை மறுபடியும் அலுமாரிப் பக்கம் நீண்டது. "தொடாதேங்கோ அண்ணை!"

பக்கத்தில் வெக்ஸ்போர்ட்டில் வேலையில் நின்ற கூட்டாளியைப் பச்சை மூக்கு வயரோடு வரச் சொன்னேன். அவன் வந்து சேரும்வரை காத்திருந்தோம். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் முள்ளுக்கம்பியும் சனமும் வந்துவந்து போயின. அக்கா ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். நேற்று பெட்டிக்கும் சேர்த்துத் தீபம் காட்டினவர் என்று புருஷனைப் பற்றிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வயர் வந்தது. சுவர் இணைப்பையும் பெட்டியின் வாயையும் அதற்கென்றுள்ள துடைப்பானால் சுத்தம் செய்து, கமெராவில் பார்த்து, அகலமாக ஒரு வளையம் விட்டுப் பொருத்தினேன். சிவப்பு அணைந்து பச்சை மினுங்கி நிலைத்தது. அந்த நிமிடமே போனிலும் ஒரு சின்ன விளக்கு மின்னத் தொடங்கியது. லைன் இல்லாத நேரத்தில் வந்த அழைப்பின் குரல் கம்பனியில் தங்கியிருக்கும், லைன் வந்தால் சொல்லும்.

அக்கா பொத்தானை அமத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். இரைச்சல், பின்னால் நிறையச் சனம், பிறகு ஒரு பெண்குரல்.

"அக்கா, நான்தான். பிள்ளையளும் என்னோடைதான். இது வேறை ஆக்களின்ரை போன். நேற்றும் எடுத்தனான், ஒருத்தரும் எடுக்கேல்லை. இண்டைக்கும் இல்லை. அக்கா, நீங்கள் எல்லாரும் இருக்கிறீங்களோ? உங்களுக்கு ஏதும் நடந்திட்டுதோ? ஏலுமெண்டாத் திருப்பி எடுக்கிறன்."

அக்கா நிலத்தில் குந்திவிட்டாள். முள்ளுக்கம்பிக்குள் நின்றுகொண்டு தங்கச்சி இவர்களுக்காகப் பயந்திருக்கிறாள். அண்ணை போய் அலுமாரியில் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றார், ஒருவரையும் கிட்ட விடமாட்டேன் என்பதுபோல.

எனக்கு அடுத்த வீடு காத்திருந்தது. ஒஃபிசிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். லைனை இன்னும் சோதிக்கவேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு, பச்சை விளக்கைப் பார்த்தபடி நின்றேன்.

மத்தியானத்துக்குச் சற்று முன் போன் அடித்தது. அக்கா எடுத்தாள். போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருக்கிறம்" என்றாள். "நாங்கள் எல்லாரும் இருக்கிறமடி."