வேன் அக்காவும் ஆளில்லாத வீடுகளும்

பள்ளி வேன் ஓட்டுவதற்கு லைசென்ஸ் மட்டும் போதாது. எந்த வீட்டில் எந்த நேரத்தில் ஆள் இருக்கும், எந்த வீட்டில் இருக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெம்பான் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் பல வருடமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போக, தானே பூட்டைத் திறந்து, தானே சோறு போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். பெரியவர்களானதும் நாம் அடிக்கிற கூத்து நம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

உள்ளே அப்பா இருக்கிறார்

எங்கள் வீடு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தது. அம்மா தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அப்பா செம்பனைப் பழ லாரி ஓட்டினார். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதிருந்தே சாவி ரஃபியா பிளாஸ்டிக் கயிற்றில் என் கழுத்தில் தொங்கும். சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும், வெளியே தெரியக் கூடாது. வீட்டுக்குள் போனதும் தாழ்ப்பாள். அடுப்பைத் தொடக் கூடாது. யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. வீடு அமைதியாக இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும் என்பதால் டிவியைச் சத்தமாக வைப்பேன். அதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம், உள்ளே ஆள் இருக்கிறது என்று திருடன் நினைப்பான் என்பது.

ஒருநாள் மோட்டார் சைக்கிளில் துணி விற்கும் பாய் கதவைத் தட்டினார். அம்மா சொல்லிக்கொடுத்தபடி உள்பக்கம் திரும்பி, "அப்பா, யாரோ வந்திருக்காங்க, எழுந்திரிங்க!" என்று கத்தினேன். பதில் வராததால் நானே தொண்டையைக் கனைத்து இருமியும் காட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்த பாய் சிரிக்காமல் சொன்னார்: "அப்பாவ எழுப்பாத பாப்பா, இப்பதான் அவரு கூட கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு வரேன்."

ஹாரன்

என் மகள் யாழினி பிறந்தபோது சபதம் எடுத்தேன்: இவள் ஒருநாளும் காலி வீட்டுக்கு வரக் கூடாது. நல்லபடியாக இருந்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு வேன் வாங்கியது அதற்குத்தான். பிள்ளை என் பின்சீட்டிலேயே இருப்பாள் அல்லவா? அதோடு விட்டேனா? மற்ற பிள்ளைகளுக்கும் அதே சட்டம். இறக்கிவிட்டதும் ஹாரன் அடிப்பேன். வீட்டிலிருந்து பெரிய ஆள் தலை காட்டினால்தான் வேன் நகரும்.

ஹரிஷ் வீட்டில் மட்டும் எந்தத் தலையும் தெரியாது. ஐந்தாம் ஆண்டுப் பையன். அம்மா லீலா தொழிற்சாலையில் வேலை. அப்பா சிங்கப்பூரில். பையன் கிரில் கதவைத் திறந்து, உள்ளே போய், கையை வெளியே விட்டுப் பூட்டி, இழுத்துப் பார்ப்பான். பழகிய கை. நான் விடாமல் ஹாரன் அடித்து, "உள்ள போய்ட்டியா? பூட்டிட்டியா? தனியாவா இருக்க?" என்று தெருவே கேட்கக் கத்துவேன். ஒருநாள் அவன் வேனுக்கே திரும்பி வந்து மெதுவாகச் சொன்னான்: "ஆண்ட்டி, நீங்க கத்துறதாலதான் வீட்ல யாரும் இல்லன்னு எல்லாருக்கும் தெரியுது."

நல்ல பிள்ளை

அதே ஹரிஷ் ஒரு மதியம் ஜன்னலில் தலை சாய்த்துப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். நெற்றியைத் தொட்டால் கொதித்தது. பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. "வீட்ல மருந்து இருக்கு ஆண்ட்டி. குடிச்சிட்டுப் படுத்தா சரியாயிடும். அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணாதீங்க, சூப்பர்வைசர் ஏசுவாரு" என்றான். அவனை இறக்கிவிட மனம் வரவில்லை. என் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, அவன் சொன்னதற்கு மாறாக அம்மாவுக்குப் போன் போட்டேன்.

லீலா சீருடையோடு ஓடி வந்தார். கோபம் எல்லாம் என் வாயில் தயாராக இருந்தது. "இப்படியா பிள்ளைய தனியா விடுவீங்க?" என்று தொடங்கப் போனேன். அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்யா சொல்லல?" என்று கேட்டார். "நீங்க வேலையில இருக்கும்போது தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சொன்னீங்களே" என்றான் அவன். லீலா அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு, "காய்ச்சல் வந்தா அது தொந்தரவு இல்லய்யா. அம்மா போன் எடுக்கலன்னா இந்த ஆண்ட்டிக்கு போன் அடி" என்று சொல்லி, என் நம்பரை அவன் வாயால் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "நானும் கோலா சுங்கை பாரு ஊர்ல இப்படித்தான் வளந்தேன்கா, என்ன வந்தாலும் சொல்ல மாட்டேன், அதனாலயே எனக்கு நல்ல புள்ளன்னு பேரு."

நட்டு

தயாராக வைத்திருந்த கோபத்தை நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். லீலாவும் நானும் ஒரே பள்ளத்திலிருந்து ஏறி எதிரெதிர்ப் பக்கம் ஓடியவர்கள். 'என்னால் முடிந்தது, என் பையனாலும் முடியும்' என்பது அவர் கட்சி. 'நான் பட்டது போதும், என் மகள் படக் கூடாது' என்பது என் கட்சி. யாரிடமும் உதவி கேட்கக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கூட்டணி.

ஆதாரம் வேண்டுமா? ஒருநாள் சுங்கை ரம்பாய் போகும் சாலையில் டயர் பஞ்சர். நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தேன். எதிர்க் கடை முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் அவர் காக்கா, வந்து, "உதவி வேணுமாம்மா?" என்றார். "வேணாம் காக்கா, எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொண்டுவந்தார். "பரவால்ல காக்கா." வெயிலில் ஸ்பானர் மேல் ஏறி நின்று குதித்தும் பார்த்தேன். கடைசியில் அவர் பொறுக்க முடியாமல் சொன்னார்: "தங்கச்சி, நீங்க கழட்டல, இன்னும் இறுக்கிக்கிட்டு இருக்கீங்க."

பக்கத்து வீடு

அன்றைக்கு என்று பார்த்து, படிவம் ஒன்றில், அதாவது ஏழாம் வகுப்பில் படிக்கும் யாழினிக்குப் பரீட்சை சீக்கிரம் முடிந்து, தோழியின் அப்பா வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவளிடம் சாவி இல்லை. கொடுத்ததே இல்லை. என் போனிலோ சார்ஜ் இல்லை. டயர் மாற்றி அவள் பள்ளிக்குப் போனால், தோழியோடு காரில் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். அடித்துப்பிடித்து வீட்டுக்கு வந்தால் வாசலில் பிள்ளையைக் காணோம்! தெருவில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் சல்மாவின் கதவு திறந்தது. மகள் கையில் வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரெங், பக்கத்தில் முடித்த வீட்டுப்பாடம், மடியில் அந்த வீட்டுப் பூனை.

கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, பிறகு ஏசினேன். "அடுத்தவங்க வீட்டுல போய் ஏன் தொந்தரவு குடுத்த?" அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. லயத்தில் மழையில் சாவியைத் தொலைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே அம்மா வரும்வரை படியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். மகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்: "கதவ தட்டி கேட்டேன், அவ்வளவுதான் லா, நீங்க யார்கிட்டயும் கேட்டதே இல்லயாம்மா?"

சாவி

அடுத்த வாரம் அவளுக்குச் சாவி வெட்டினேன். பூட்டுவது, தாழ் போடுவது, வந்ததும் ஒரு செய்தி அனுப்புவது, அவசரம் என்றால் காக் சல்மா வீடு, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முதலில் நான் உள்ளே இருக்கும்போதே திறந்து பழகினாள். பிறகு நான் கடைக்குப் போய்வரும் நேரம் மட்டும் தனியாக இருந்தாள். லீலாவும் தன் பங்குக்கு மதிய ஓய்வில் மகனுக்கு ஒரு போன் போடத் தொடங்கினார்.

முழு மதியமும் அவள் தனியாக இருக்கப்போகும் முதல் நாள் வந்தது. எனக்குச் சுங்கை ரம்பாயில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தெருமுனை மாமரத்தடியில் மறைந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "என்னம்மா, பயமா இருக்கா?" என்று பதறினேன். மகள் சொன்னாள்: "எனக்கு ஒன்னும் இல்லமா, ஆனா ஒளியிறதுன்னா மஞ்ச வேன எடுத்துக்கிட்டு ஒளியாதீங்க."

காலி வீட்டில் வளர்ந்தவர்கள் நல்ல பெற்றோர் ஆகிறோமா என்று எனக்குத் தெரியாது. நாம் எப்போதடா வெளியே கிளம்புவோம் என்று நம் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.